ஒரு மணி நேரத்தில் எத்தனை அழைப்பு வரும்? பாய்சான் பரவலைக் கணக்குப் போட்டுப் பழகும் வழி

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவைக்கென்று அங்கே தனியாக ஒரு தொலைபேசி இருக்கிறது. காலை 10 மணியிலிருந்து 11 மணிக்குள் சராசரியாக 3 அழைப்புகள் வருகின்றன. அந்த மேசையில் இருப்பவரால், மற்ற வேலைகளுக்கு நடுவில், மணிக்கு 5 அழைப்புகள் வரை பதிவு செய்து முடிக்க முடியும். அவருக்கு வேலை கைமீறிப் போகும் நாட்கள் மாதத்தில் எத்தனை? ஒரே இணைப்பு போதுமா, இன்னொன்று வாங்க வேண்டுமா?

சராசரி 3 என்பது மட்டும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. சில நாள் ஒன்றுகூட வராது, சில நாள் ஏழு வரும். 0, 1, 2, 3 என ஒவ்வொரு எண்ணிக்கையும் எவ்வளவு அடிக்கடி வரும் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் பாய்சான் பரவல். சிமியோன் டெனி பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலர் 1837இல் வெளியிட்ட நூலில் இந்தச் சூத்திரம் இருக்கிறது. தொலைபேசி அழைப்புகளுக்கு அது பொருந்தும் என்று காட்டியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங். ஆண்டு 1909.

சூத்திரத்தை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அது நம் எண்ணிக்கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பயன்படுத்தும்போதுதான் கணக்கு கவிழ்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரத்தைவிடச் சரிபார்ப்புக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கூடத்தின் எண்கள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. இடையில் வரும் பிரஷ்யப் படையின் எண்கள் உண்மையானவை.

"அரிது" என்பது எதைக் குறிக்கிறது

மணிக்கு மூன்று அழைப்பு வருவதை யாரும் அரிது என்று சொல்ல மாட்டார்கள். இங்கே அரிது என்பது ஒரு மணி நேரத்தைப் பற்றியதல்ல, ஒரு நொடியைப் பற்றியது. ஒரு மணி நேரத்தில் 3600 நொடிகள். சராசரி 3 என்றால், குறிப்பிட்ட ஒரு நொடியில் அழைப்பு வரும் வாய்ப்பு 3/3600, அதாவது 1200இல் 1. வாய்ப்புகள் மிகப் பல, ஒவ்வொரு வாய்ப்பிலும் நிகழ்வு மிக அரிது. பாய்சான் பரவலுக்கு இதுதான் அடிப்படை.

இதை எண்ணால் பார்த்துவிடலாம். ஒரு மணி நேரத்தை 60 நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு நிமிடத்திலும் அழைப்பு வர 3/60 = 0.05 வாய்ப்பு என்று கொண்டால், அறுபது நிமிடமும் அழைப்பே வராமல் போகும் நிகழ்தகவு 0.95ஐ 60 முறை பெருக்கிக் கிடைப்பது: 0.0461. நொடிகளாக வெட்டினால் (1 − 3/3600) என்பதை 3600 முறை பெருக்க வேண்டும்: 0.0497. இன்னும் நுணுக்கமாக வெட்டிக்கொண்டே போனால் விடை 0.0498 என்ற எண்ணில் வந்து நிற்கும். அதுதான் e⁻³. இங்கே e என்பது 2.71828 என்ற மாறிலி. பள்ளியில் படித்த ஈருறுப்புப் பரவலில் துண்டுகளை எல்லையின்றிச் சிறிதாக்கினால் கிடைப்பது பாய்சான் என்பதை இந்த மூன்று எண்களிலேயே பார்க்கலாம்.

இப்படி வெட்டும்போது சொல்லாமலே சில நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுவிட்டோம். எல்லா நொடிக்கும் ஒரே வாய்ப்பு. ஒரு நொடியில் அழைப்பு வந்தது அடுத்த நொடியின் வாய்ப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரே நொடியில் இரண்டு அழைப்பு சேர்ந்து வருவதில்லை. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலர், அவரவர் தேவைக்கு, அவரவர் நேரத்தில் அழைத்தால் இந்த நிபந்தனைகள் ஓரளவு நிறைவேறும். மின்வெட்டு வந்ததும் தெரு முழுக்க மின்வாரியத்தை அழைப்பது அப்படிப்பட்டதல்ல. அங்கே ஒரே காரணம் நூறு பேரைச் சேர்ந்தாற்போல் அழைக்க வைக்கிறது. அதற்குப் பாய்சானைப் போட்டால் விடை தவறாகவே வரும்.

முதல் படி: λ கண்டுபிடிப்பது

பாய்சானுக்குத் தேவையானது ஒரே ஒரு எண்: குறிப்பிட்ட இடைவெளியில் வரும் சராசரி எண்ணிக்கை. அதை λ (லாம்டா) என்று எழுதுவார்கள். நம் கூடத்தில் 40 வேலை நாட்களில், 10 முதல் 11 மணிவரை வந்த அழைப்புகளை எண்ணியதில் மொத்தம் 120 என்று வைத்துக்கொள்வோம். λ = 120/40 = 3.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அழைப்பே வராத நாட்களையும் 0 என்று குறிக்க வேண்டும். பதிவேடு வைத்திருப்பவர்கள் ஒன்றும் நடக்காத நாளை எழுதாமல் விட்டுவிடுவது வழக்கம். அந்த நாட்கள் வகுக்கும் எண்ணிலிருந்து விழுந்துவிட்டால் λ கூடிப்போகும். இரண்டு, 40 நாளின் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கு மொத்தம் போதும். பரவல் பொருந்துகிறதா என்று பார்க்க நாள்வாரி எண்கள் இல்லாமல் முடியாது.

இரண்டாம் படி: அட்டவணை போடுவது

இடைவெளியில் சரியாக k நிகழ்வுகள் வரும் நிகழ்தகவு:

P(k) = e⁻λ × λᵏ / k!

k! என்பது 1 முதல் k வரை உள்ள எண்களின் பெருக்கல், 0!-இன் மதிப்பு 1. கையால் போடுகிறவர்கள் ஒவ்வொரு k-க்கும் இந்தச் சூத்திரத்தை முழுதாகப் போட வேண்டியதில்லை. முதலில் P(0) = e⁻³ = 0.0498 என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த எண் வேண்டுமானால், முந்தையதை λ-ஆல் பெருக்கிப் புதிய k-ஆல் வகுத்தால் போதும். P(1) = 0.0498 × 3/1. P(2) = P(1) × 3/2. P(3) = P(2) × 3/3. k பெரிதானாலும் இந்த வழியில் தொடர்பெருக்கம் எகிறிக் கால்குலேட்டர் திணறாது.

| அழைப்புகள் (k) | சரியாக k | k அல்லது அதற்குக் குறைவு |
|---|---|---|
| 0 | 0.0498 | 0.0498 |
| 1 | 0.1494 | 0.1991 |
| 2 | 0.2240 | 0.4232 |
| 3 | 0.2240 | 0.6472 |
| 4 | 0.1680 | 0.8153 |
| 5 | 0.1008 | 0.9161 |
| 6 | 0.0504 | 0.9665 |
| 7 | 0.0216 | 0.9881 |
| 8 | 0.0081 | 0.9962 |

கடைசிப் பத்தி தசமத்தை முழுதாக வைத்துக் கூட்டியது. அதனால் நடுப்பத்தியின் நான்கு இலக்க எண்களைக் கூட்டிப் பார்த்தால் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு மாறலாம்.

இதே அட்டவணையைப் பைத்தானில் போட:

```python
from math import exp
lam = 3
p, total = exp(-lam), 0
for k in range(9):
    total += p
    print(k, round(p, 4), round(total, 4))
    p = p * lam / (k + 1)
```

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் `=POISSON.DIST(5,3,FALSE)` என்றால் சரியாக 5, `=POISSON.DIST(5,3,TRUE)` என்றால் 5 வரை.

மூன்றாம் படி: கேள்வியைச் சரியாகக் கேட்பது

மேசையில் இருப்பவர் 5 வரை சமாளிப்பார். ஆக அவர் திணறுவது 6 அல்லது அதற்கு மேல் வரும்போது. அதன் நிகழ்தகவு 1 − 0.9161 = 0.0839. சுமார் 12 நாளுக்கு ஒருமுறை. மாதம் 26 வேலை நாள் என்றால் 26 × 0.0839, ஏறக்குறைய 2 நாள்.

புதிதாகப் போடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "5க்கு மேல்" என்பதும் "5 அல்லது மேல்" என்பதும் வேறு வேறு. இரண்டாவதற்கு 4 வரை உள்ள கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும்: 1 − 0.8153 = 0.1847. ஒரு படி தள்ளிப் படித்ததில் விடை இரு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. முழு எண்களில் மட்டுமே மதிப்பு எடுக்கும் பரவலில் ஒவ்வொரு படியும் பெரிய படி. எந்த எண் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதை வாக்கியமாக எழுதிவிட்டு, பிறகு கழிப்பது பாதுகாப்பு.

இடைவெளி மாறினால் λ-வும் அதே விகிதத்தில் மாறும். 20 நிமிடத்துக்கு λ = 1. அந்த இருபது நிமிடத்தில் அழைப்பே வராமல் இருக்க e⁻¹ = 0.3679 வாய்ப்பு. இரண்டோ அதற்கு மேலோ வர 1 − 0.7358 = 0.2642. முதலில் λ-வை மாற்றிவிட்டுப் பிறகு அட்டவணை போட வேண்டும். ஒரு மணி நேரத்து நிகழ்தகவை எடுத்து மூன்றால் வகுப்பது தவறு.

மணிக்கு மூன்று என்றதும் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று மனம் ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. அப்படி வராது. ஓர் அழைப்புக்குப் பிறகு 5 நிமிடத்துக்குள் அடுத்தது வர, அந்த 5 நிமிடத்தில் ஒன்றாவது வர வேண்டும். 5 நிமிடத்துக்கு λ = 0.25. 1 − e⁻⁰·²⁵ = 0.2212. ஐந்தில் ஓர் அழைப்புக்கும் மேல், முந்தையது வந்த ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். "வந்தால் சேர்ந்தே வருகிறது, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை" என்று மேசையில் இருப்பவர் சலித்துக்கொண்டால், அதற்காக ஏதோ காரணம் தேட வேண்டியதில்லை. தற்செயல் என்பதே இப்படித்தான் குவியல் குவியலாக இருக்கும்.

நான்காம் படி: பொருந்துகிறதா என்று பார்ப்பது

பாய்சான் பரவலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அதன் சராசரியும், எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவான பரவற்படியும் ஒரே எண். சராசரி 3 என்றால் பரவற்படியும் 3. ஆகவே நாள்வாரி எண்களிலிருந்து இரண்டையும் கணக்கிட்டு, பரவற்படியைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். ஷீட்டில் `VAR.S` வகுத்தல் `AVERAGE`. விடை 1க்கு அருகில் இருந்தால் நல்லது.

இந்தச் சோதனைக்குப் பெயர்பெற்ற உதாரணம் பிரஷ்யப் படை. 1898இல் லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் வெளியிட்ட நூலில், குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கை படைப்பிரிவு வாரியாக இருக்கிறது. 1875 முதல் 1894 வரை 20 ஆண்டுகள். 10 படைப்பிரிவுகளை எடுத்தால் மொத்தம் 200 பதிவுகள். ஒரு பதிவு என்பது ஒரு பிரிவில் ஓர் ஆண்டு. இறப்புகள் மொத்தம் 122. எனவே λ = 122/200 = 0.61.

| இறப்புகள் | நடந்தது (பதிவுகள்) | பாய்சான் சொல்வது |
|---|---|---|
| 0 | 109 | 108.7 |
| 1 | 65 | 66.3 |
| 2 | 22 | 20.2 |
| 3 | 3 | 4.1 |
| 4 | 1 | 0.6 |

வலது பத்தி எப்படி வந்தது என்றால், e⁻⁰·⁶¹ = 0.5434; அதை 200ஆல் பெருக்கினால் 108.7. அதை 0.61ஆல் பெருக்கினால் 66.3. அதை 0.61/2 ஆல் பெருக்கினால் 20.2. முன்னே பார்த்த அதே ஏணி. பரவற்படி கணக்கிட, ஒவ்வொரு எண்ணிக்கையின் வர்க்கத்தையும் அது வந்த தடவைகளால் பெருக்கிக் கூட்டுங்கள்: 65×1 + 22×4 + 3×9 + 1×16 = 196. இதிலிருந்து 122²/200 = 74.42 கழித்தால் 121.58. அதை 199ஆல் வகுத்தால் 0.611. சராசரி 0.61. விகிதம் 1.00.

பாடநூல்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் மூல அட்டவணையில் 14 படைப்பிரிவுகள் இருந்தன. மற்றவற்றோடு அமைப்பில் வேறுபட்டவை என்று நான்கை விலக்கிய பிறகு வந்ததுதான் மேலே உள்ள 200. நான்கையும் சேர்த்தால் 280 பதிவுகள், 196 இறப்புகள், λ = 0.70. பதிவுகள் வரிசையாக 144, 91, 32, 11, 2. இதற்குப் பரவற்படி 0.763 வருகிறது. விகிதம் 1.09. இதுவும் மோசமில்லை, ஆனாலும் 1ஐத் தாண்டி நகர்ந்திருக்கிறது. தன்மையில் வேறுபட்ட குழுக்களை ஒன்றாகக் கொட்டினால் விகிதம் ஏறும் பக்கம்தான் போகும்.

எவ்வளவு விலகினால் கவலைப்பட வேண்டும்? பாய்சான் உண்மையாகவே பொருந்தும்போதுகூட விகிதம் சரியாக 1 வராது. n பதிவுகள் இருந்தால் அதன் ஊசலாட்டம் ஏறக்குறைய √(2/(n−1)). 280 பதிவுக்கு அது 0.085, எனவே 1.09 என்பது சாதாரண ஊசலாட்டம். நம் கூடத்தின் 40 நாளுக்கு 0.23. அதன் இரு மடங்கை எல்லையாக வைத்துக்கொண்டால், 0.55 முதல் 1.45 வரை எது வந்தாலும் பாய்சானைக் கைவிடக் காரணமில்லை. 40 நாள் தரவில் 1.3 வந்ததைப் பார்த்துப் பதற வேண்டாம். 10 நாள் தரவில் 1.0 வந்ததைப் பார்த்து மகிழவும் வேண்டாம். அவ்வளவு சிறிய தரவு எதையும் காட்டிக்கொடுக்காது.

விகிதம் 2 வந்தால் என்ன அர்த்தம்

பெரும்பாலும் ஒரே காரணம்: இரண்டு வேறு λ-க்களைக் கலந்துவிட்டோம். காலை 10 மணிக்கு சராசரி 5 அழைப்பு, பிற்பகல் 3 மணிக்கு சராசரி 1 அழைப்பு என்று வையுங்கள். இரண்டு மணி நேரங்களையும் பாதிப் பாதியாகக் கலந்து எண்ணினால் சராசரி 3 தான். ஆனால் பரவற்படி 3 அல்ல. λ-வே 5க்கும் 1க்கும் இடையே ஆடுவதால் அந்த ஆட்டத்தின் பரவற்படியான 4உம் சேர்ந்து 7 ஆகிறது. விகிதம் 2.33.

இதைக் கவனிக்காமல் λ = 3 என்று போட்டால் எவ்வளவு தவறுவோம் என்று பாருங்கள். 5க்கு மேல் வரும் வாய்ப்பு, λ = 5 ஆக உள்ள மணியில் 0.3840; λ = 1 ஆக உள்ள மணியில் 0.0006. இரண்டின் சராசரி 0.192. நாம் சொன்னதோ 0.0839. உண்மை அதைப்போல் இரண்டே கால் மடங்கு. இன்னொரு முனையிலும் இதே கதை. அழைப்பே வராத மணிகள் 5 சதவீதம் என்று எதிர்பார்த்திருப்போம். உண்மையில் 19 சதவீதம். நடுவில் இருப்பவை குறைந்து, இரு ஓரங்களும் தடித்துவிடுகின்றன. திணறும் நாளும் சும்மா உட்காரும் நாளும் இரண்டுமே கணித்ததைவிட அதிகம்.

அதனால் விகிதம் உயர்ந்திருந்தால் முதலில் செய்ய வேண்டியது பிரித்துப் பார்ப்பது. மணிவாரியாக, பிறகு கிழமைவாரியாக. ஞாயிறு மூடியிருக்கும் இடங்களில் திங்கட்கிழமையைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பிரித்த ஒவ்வொரு பகுதியிலும் விகிதம் 1க்கு இறங்கினால் வேலை முடிந்தது: ஒவ்வொன்றுக்கும் தனி λ. பிரித்த பிறகும் இறங்கவில்லை என்றால் அழைப்புகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன என்று பொருள். ரிசல்ட் தாமதமானால் அதே ஆள் மூன்று முறை கூப்பிடுவது இந்த வகை. அப்போது ஒரே எண்ணிலிருந்து கால் மணிக்குள் வந்தவற்றை ஒன்றாக எண்ணிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் என்று ஒன்று இருக்கிறது, அது பரவற்படியைத் தனியாக வைத்துக்கொள்ள விடும். தரவு நிறைய இருந்தால் பரவலே வேண்டாம். 200 நாளில் எத்தனை நாள் 5ஐத் தாண்டியது என்று நேரடியாக எண்ணிவிடலாம்.

விகிதம் 1ஐவிட வெகுவாகக் குறைவது அரிது. குறைந்தால், நிகழ்வுகளை ஏதோ ஒன்று ஒழுங்குபடுத்துகிறது அல்லது மேலே மூடி போடுகிறது என்று சந்தேகப்படுங்கள். நேரம் கொடுத்து அழைக்கச் சொல்வது, அல்லது ஒரே இணைப்பு அடைபட்டு மற்றவர்கள் உள்ளே வர முடியாமல் போவது.

λ-வே உறுதியில்லை என்பது

மேலே 0.0839 என்று நான்கு இலக்கம் எழுதினோம். அந்தத் துல்லியம் சூத்திரத்துக்கு உரியது, நம் தரவுக்கு உரியதல்ல. 40 நாளில் எண்ணியது 120. பாய்சான் எண்ணிக்கையின் திட்டவிலக்கம் அதன் வர்க்கமூலம் என்பதால், √120 ஏறக்குறைய 11. இரு மடங்கு எடுத்தால் 120 ± 22. அதாவது 98 முதல் 142 வரை. 40ஆல் வகுத்தால் உண்மையான λ 2.45 முதல் 3.55 வரை எங்கும் இருக்கலாம்.

இப்போது அந்த இரு முனைகளிலும் அட்டவணையை மறுபடி போடுங்கள். λ = 2.45 என்றால் 5க்கு மேல் வரும் வாய்ப்பு 0.039. λ = 3.55 என்றால் 0.149. மேலாளரிடம் "12 நாளுக்கு ஒருமுறை" என்று சொல்வதைவிட "26 நாளுக்கு ஒருமுறையிலிருந்து 7 நாளுக்கு ஒருமுறை வரை" என்று சொல்வதே நேர்மையான விடை. சராசரியில் இருந்த சிறு சந்தேகம் ஓரத்துக்குப் போகும்போது நாலு மடங்கு அகலமாகிவிடுகிறது. இதைச் சுருக்க வேண்டுமானால் வழி ஒன்றே: இன்னும் எண்ணுவது. அகலம் பாதியாக வேண்டுமென்றால் 160 நாள் எண்ண வேண்டும்.

ஒன்றுமே நடக்காத எண்ணிக்கைக்கு இந்த வர்க்கமூல வழி உதவாது, √0 = 0 ஆகிவிடும். 30 இரவுகள் அவசர எண்ணில் ஒரு அழைப்பும் வரவில்லை என்றால் λ = 0 என்று முடிவுகட்டக் கூடாது. 0 வர 5 சதவீத வாய்ப்பாவது இருக்கும் பெரிய λ எது என்று கேளுங்கள். அட்டவணையின் முதல் வரியே விடை: e⁻³ = 0.0498. ஆக 30 இரவுக்கும் சேர்த்து 3 வரை இருக்கலாம்; ஓர் இரவுக்கு 3/30 = 0.1. பத்து இரவுக்கு ஓர் அழைப்பு என்ற வேகம் இருந்தும் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

இணைப்பு எத்தனை வேண்டும்

இதுவரை எத்தனை பேர் அழைக்கிறார்கள் என்று பார்த்தோம். அழைத்தவருக்கு பிஸி டோன் கேட்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பேச்சு எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஓர் அழைப்பு சராசரி 4 நிமிடம் என்று கொள்வோம். மணிக்கு 3 × 4 = 12 நிமிடப் பேச்சு. 60 நிமிடத்தில் 12 என்பது 0.2. இந்த எண்ணைச் சுமை என்கிறார்கள். அதன் அலகுக்கு எர்லாங்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1917இல் அவர் வெளியிட்ட சூத்திரம், பாய்சான் ஏணியை இணைப்புகளின் எண்ணிக்கையோடு வெட்டி நிறுத்துகிறது. e⁻λ இங்கே தேவையில்லை, விகிதம் மட்டும் போதும். சுமையை a என்று குறித்தால்:

ஒரு இணைப்பு: a / (1 + a) = 0.2 / 1.2 = 0.167

இரண்டு இணைப்பு: (a²/2) / (1 + a + a²/2) = 0.02 / 1.22 = 0.016

ஒரே இணைப்பு இருந்தால் அழைப்பவர்களில் ஆறில் ஒருவருக்கு பிஸி டோன். தொலைபேசி ஆறில் ஐந்து பங்கு நேரம் சும்மா கிடந்தும்கூட இப்படி. இரண்டாவது இணைப்பு வாங்கினால் 61இல் ஒருவர். "போனே பெரும்பாலும் சும்மாதானே இருக்கிறது, எதற்கு இன்னொன்று" என்ற வாதம் இங்கே எடுபடாது. ஆனால் இரண்டாவது மணி அடிக்கும்போது எடுக்க ஆளும் வேண்டும். ஒரே ஆள் இருந்தால் இரண்டாவது இணைப்பு காத்திருப்பை மட்டுமே தரும், அதற்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. பிஸி டோன் கேட்டவர் மறுபடி முயலாமல் போய்விடுகிறார் என்பதும் இதில் அடங்கிய நிபந்தனை. உடனே திரும்பத் திரும்ப அழைப்பவர்கள் இருந்தால் உண்மையான நெரிசல் 0.167ஐவிடக் கூடுதல்.

இங்கே முதல் படிக்கு ஒரு திருத்தம் வருகிறது. பிஸி டோன் கேட்டுப் போனவர்கள் மேசையில் இருக்கும் பதிவேட்டில் விழ மாட்டார்கள். மணிக்கு உண்மையில் 3 பேர் அழைக்கிறார்கள் என்றால் ஆறில் ஒருவர் கழிந்து பதிவேட்டில் 2.5 தான் இருக்கும். அந்த 2.5ஐ λ என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தேவை குறைவாகத் தெரியும். ஒரே இணைப்பு உள்ள இடத்தில் இதைச் சரிசெய்வது எளிது. பதிவான அழைப்புகளின் பேச்சு நேரத்தைக் கூட்டுங்கள்: 2.5 × 4 = 10 நிமிடம். தொலைபேசி அடைபட்டிருந்த பங்கு 10/60, அதாவது 0.167. அழைப்புகள் தற்செயலாக வருவதால் அதே பங்கினருக்குத்தான் பிஸி டோன் கேட்டிருக்கும். 2.5ஐ (1 − 0.167) ஆல் வகுத்தால் 3.0. அட்டவணையில் போட வேண்டிய λ இதுதான்.